புறத்தேர்வாளரின் குறிப்புகளுக்கு எழுத்தில் பதில் தருவது எப்படி: ஒரு குறுந்தொகை ஆய்வேட்டை முன்வைத்து

புறத்தேர்வாளரின் அறிக்கை கைக்கு வந்ததும் பலரும் ஆய்வேட்டுக் கோப்பைத் திறந்து திருத்த ஆரம்பித்துவிடுகிறார்கள். நெறியாளர் கேட்டதும்தான் பதில் அறிக்கை நினைவுக்கு வருகிறது. கடைசி இரண்டு நாளில் அதை எழுதி, ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே “ஏற்றுத் திருத்தப்பட்டது” என்று போட்டு அனுப்புகிறார்கள். அது பதிலாகாது. புறத்தேர்வாளருக்கு உங்கள் ஆய்வேடு மாதக்கணக்கில் முன்பு படித்தது. அதன் பிறகு வேறு பல ஆய்வேடுகளைப் படித்திருப்பார். நீங்கள் அனுப்புவதில் அவர் முதலில் கையில் எடுப்பது பதில் அறிக்கையைத்தான். ஆய்வேட்டைத் திறக்காமலே, என்ன சொன்னோம், என்ன மாறியிருக்கிறது, எங்கே மாறியிருக்கிறது என்று அவருக்கு விளங்க வேண்டும். வாய்மொழித் தேர்வுக் குழுவும் அதையே பார்க்கும்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போவதைவிட ஓர் ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். “குறுந்தொகையில் தோழி” என்று ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தோழியின் பேச்சு, தலைவனை மணத்துக்குத் தூண்டும் அவளுடைய உத்திகள், அறத்தொடு நிற்றல் ஆகியவை அதன் இயல்கள். புறத்தேர்வாளர் இப்படி எழுதியிருக்கிறார்:

“எந்தப் பதிப்பின் மூலம் மேற்கோளாக எடுக்கப்பட்டுள்ளது என்பது தெளிவாக இல்லை. கூற்றுக் குறிப்புகளைப் பாடலின் பகுதியாகவே ஆய்வாளர் கொண்டுவிட்டார். குறிப்பாக இயல் 3-இல் பாடல் 23 தோழியின் பேச்சு என்பதற்குப் பாடலில் என்ன சான்று? திருக்குறள் காமத்துப்பாலுடன் ஒப்பிட்டிருந்தால் சிறந்திருக்கும். இயல் 4-இன் நடை தளர்ந்துள்ளது. சந்திப்பிழைகள் மலிந்துள்ளன.”

முதலில் பிரித்து எண்ணிடுங்கள்

பார்க்க ஒரே பத்தி. ஆனால் இதில் ஐந்து குறிப்புகள் இருக்கின்றன. புதிய கோப்பொன்றில் அவருடைய சொற்களை ஓரெழுத்தும் மாற்றாமல் எடுத்தெழுதி 1 முதல் 5 வரை எண்ணிடுங்கள். சுருக்கவோ மென்மையாக்கவோ கூடாது. “கொண்டுவிட்டார்” என்று கடுமையாக எழுதியிருந்தாலும் அப்படியே இருக்கட்டும். சுருக்கி எழுதும்போதுதான் ஒரு கேள்வியின் பாதி காணாமல் போகும். இரண்டாவது குறிப்பையே பாருங்கள்: கூற்றுக் குறிப்புகளைப் பற்றிய பொதுவான குற்றச்சாட்டு ஒன்று, பாடல் 23-ஐப் பற்றிய தனிக் கேள்வி ஒன்று. “கூற்று பற்றிய கருத்து” என்று சுருக்கினால் பாடல் 23 பதிலில்லாமலே நின்றுவிடும். அதை 2அ, 2ஆ என்று பிரித்துவிடுவது நல்லது.

“சிறந்திருக்கும்” என்பது பரிந்துரை. “தெளிவாக இல்லை”, “என்ன சான்று?” என்பவை குறைகள். குறையைச் சரிசெய்தே ஆகவேண்டும். பரிந்துரையைக் காரணம் காட்டி மறுக்கலாம்.

பதில் அறிக்கையில் புறத்தேர்வாளரின் வரிசையை மாற்ற வேண்டாம். ஆனால் வேலை செய்யும் வரிசை வேறு. இங்கே பதிப்புக் கேள்வியைத்தான் முதலில் முடிக்க வேண்டும். மூலம் மாறினால் மேற்கோள்கள் மாறும், மேற்கோள்கள் மாறினால் சான்றுகளும் மாறக்கூடும். அடுத்தது கூற்று. சந்திப்பிழை கடைசியில். முதல் நாளே சந்தி திருத்தி முடித்த பத்தியைப் பிறகு எடுத்தெறிய நேர்ந்தால் அந்த உழைப்பு வீண்.

பதிப்பு பற்றிய குறிப்பு

இந்தக் குறை எப்படி நேர்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. துணைநூற்பட்டியலில் உ. வே. சாமிநாதையரின் 1937-ஆம் ஆண்டுப் பதிப்பு இருக்கும். மேற்கோள்களோ ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து சந்தி பிரித்து எடுத்து ஒட்டியவையாக இருக்கும். பழக்கமுள்ள கண்ணுக்கு இது ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். ஓரிடத்தில் “பெயனீர்”, இன்னோரிடத்தில் “பெயல் நீர்” என்று வந்தால், மூலம் இரண்டு இடங்களிலிருந்து வந்திருக்கிறது என்றுதான் பொருள்.

முன்னுரையில் ஒரு வாக்கியம் சேர்ப்பதால் இது தீராது. பதிப்பு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மேற்கோள் ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட வேண்டும். குறுந்தொகைக்கு 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கனாரின் பதிப்பும் 1937-இல் சாமிநாதையரின் பதிப்பும் வந்தன. பின்னர் வந்த பதிப்புகளும் உண்டு. சாமிநாதையர் தம் பதிப்பில் பிரதிபேதங்களைத் தருகிறார். உங்கள் வாதம் எந்தச் சொல்லைப் பற்றி நிற்கிறதோ அந்தச் சொல்லுக்குப் பிரதிபேதம் உண்டா என்பதை மட்டுமாவது பார்த்தே தீர வேண்டும். முந்நூறு மேற்கோள் இருந்தாலும், வாதத்தைத் தாங்கும் சொற்கள் அவ்வளவு இருக்கமாட்டா.

பதில் இப்படி அமையலாம்:

“குறிப்பு 1: ஏற்கிறேன். முன்பு மேற்கோள்கள் ஒரே பதிப்பிலிருந்து தரப்படவில்லை. இப்போது அனைத்தும் உ. வே. சாமிநாதையர் பதிப்புடன் (1937) ஒப்பிட்டுச் சீராக்கப்பட்டுள்ளன. சந்தி பிரித்துக் காட்டிய இடங்களில் அது ஆய்வாளர் பிரித்தது என்று அடிக்குறிப்பு உள்ளது. வாதத்திற்கு அடிப்படையான சொற்களில் பிரதிபேதம் உள்ள இடங்கள் பின்னிணைப்பு 2-இல் தரப்பட்டுள்ளன. பார்க்க: முன்னுரை, ப. 6.”

முதல் சொல்லிலேயே நிலைப்பாடு வந்துவிடுகிறது. பிறகு குறை என்ன என்று ஒளிக்காமல் ஒரு வாக்கியம், செய்த வேலை, இடம். நன்றியும் பணிவும் அறிக்கையின் தொடக்கத்தில் ஒருமுறை வந்தால் போதும். ஒவ்வொரு பதிலிலும் “தேர்வாளர் பெருந்தகையின் மேலான கருத்தினைச் சிரமேற்கொண்டு” என்று ஆரம்பித்தால் பதில் எங்கே இருக்கிறது என்று அவர் தேட வேண்டியிருக்கும்.

வாதத்தைத் தொடும் குறிப்பு

நேரத்தில் பெரும்பகுதியை இந்த இரண்டாவது குறிப்புக்கே ஒதுக்குங்கள். ஆய்வேட்டின் அடித்தளமே இங்கேதான் கேள்விக்குள்ளாகிறது.

குறுந்தொகைப் பாடல்களோடு யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது என்ற உரைநடைக் குறிப்பும் சேர்ந்தே வருகிறது. இவற்றை எழுதியவர் யாரென்று தெரியவில்லை. பாடிய புலவர்கள் எழுதியவை அல்ல, தொகுத்த காலத்திலோ அதன் பின்னரோ சேர்ந்தவை என்பதே பொதுவாக ஏற்கப்படும் கருத்து. பேராசிரியர் குறுந்தொகைக்கு எழுதியதாகச் சொல்லப்படும் பழைய உரை நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே பாடல் எப்படிப் படிக்கப்பட்டது என்பதற்கு இந்தக் குறிப்புகள் மிக மதிப்புள்ள பழைய சாட்சிகள். ஆனாலும் அவை ஒரு வாசிப்பே. “குறுந்தொகைத் தோழி இப்படிப் பேசுகிறாள்” என்று சொல்லும் ஆய்வேடு, அவை தோழியின் பேச்சுதானா என்று ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். புறத்தேர்வாளர் கேட்பது இதுதான், அதில் நியாயம் இருக்கிறது.

பதில் எழுத உட்காருவதற்கு முன், அவர் பெயர் சொல்லிக் கேட்ட பாடலை எடுத்துவைத்துப் படியுங்கள். ஔவையாரின் 23-ஆம் பாட்டு:

அகவன் மகளே அகவன் மகளே
மனவுக்கோப் பன்ன நன்னெடுங் கூந்தல்
அகவன் மகளே பாடுக பாட்டே
இன்னும் பாடுக பாட்டே அவர்
நன்னெடுங் குன்றம் பாடிய பாட்டே

கட்டுக் காணும் இடத்தில் தோழி அறத்தொடு நின்றது என்பது இதன் குறிப்பு. பாட்டுக்குள் விளிக்கப்படுபவள் அகவன் மகள். “அவர்” என்ற ஒரே சொல்லால் ஓர் ஆண் சுட்டப்படுகிறான். பேசுபவள் யார் என்று காட்டும் சொல் இல்லை. கபிலரின் 18-ஆம் பாட்டில் நிலைமை வேறு. அங்கே “சாரல் நாட” என்று தலைவனை விளித்துவிட்டு, “இவள் உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே” என்று தலைவியைச் சுட்டுகிறாள். தலைவனிடம் பேசுபவள், தலைவியல்லாதவள், அவளுக்காக மணத்தை வேண்டுபவள்: இவ்வளவும் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. குறிப்பை எடுத்துவிட்டாலும் தோழி நிற்பாள். 23-இல் குறிப்பை எடுத்துவிட்டால் தோழியைச் சொல்லால் நிலைநிறுத்த முடியாது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே இயல் 3-ஐ எப்படித் திருத்துவது என்று தெரிந்துவிடும். சான்றை மூன்று அடுக்காகப் பிரிக்க வேண்டும். பாட்டுக்குள் உள்ள சொல் முதல் அடுக்கு. அக மரபு இரண்டாவது: வெறியாட்டோ கட்டோ நடக்கும் வீட்டில் தலைவி தானே வாய்திறந்து அவன் மலையைப் பாடச் சொல்லமாட்டாள், அதைச் சொல்பவள் தோழியே என்பது பல பாடல்களிலிருந்து நாம் பெறும் எதிர்பார்ப்பு. கூற்றுக் குறிப்பு மூன்றாவது. பாடல் 23-க்கு முதல் அடுக்கு இல்லை. மற்ற இரண்டும் இருக்கின்றன.

இந்த இடத்தில் இரண்டு பிழைகள் அடிக்கடி நுழைகின்றன. முதலாவது, தொல்காப்பியத்தைத் துணைக்கு அழைப்பது. அறத்தொடு நிற்றலின் ஏழு வகையைப் பொருளியல் சொல்கிறதே, குறிப்பும் அதையே சொல்கிறதே என்று எழுதிவிடுகிறார்கள். குறிப்பை எழுதியவர் அந்த இலக்கண மரபின் சொற்களைக் கொண்டே எழுதியிருக்கிறார். இரண்டும் ஒத்துப்போவதில் வியப்பில்லை. இதைத் தனிச் சான்றாகக் காட்டினால் ஒரே சாட்சியை இருமுறை அழைப்பதாகும். (நூற்பா எண் தரும்போது உரையாசிரியர் பெயரையும் சேர்த்துத் தாருங்கள். இளம்பூரணர், நச்சினார்க்கினியர் பதிப்புகளில் எண்கள் ஒன்றாக இல்லை. புறத்தேர்வாளர் வேறு பதிப்பைப் பார்த்தால் நீங்கள் தவறான எண் தந்ததாகவே அவருக்குத் தோன்றும்.)

இரண்டாவது பிழை திருத்தத்திலிருந்தே பிறப்பது. அகச்சான்று வேண்டும் என்றதும், பாட்டில் “தோழி” என்ற விளி இருந்தால் தலைவி பேசுகிறாள், இல்லாவிட்டால் தோழி பேசுகிறாள் என்று ஒரு விதியை உருவாக்கிக்கொள்வது. 37-ஆம் பாட்டைப் பாருங்கள்: “அன்பின தோழியவர் சென்ற வாறே”. அங்கே பேசுபவள் தோழி என்று குறிப்பு சொல்கிறது. பிரிவில் வாடும் தலைவியையே “தோழி” என்று விளித்து ஆற்றுகிறாள். இருவரும் ஒருவரையொருவர் அப்படி அழைப்பது மரபு. எனவே அந்த விளியால் பேசுபவரை முடிவுசெய்ய முடியாது. புறத்தேர்வாளர் ஒரு குறையைச் சுட்ட, அதைத் திருத்தும்போது அதைவிடப் பெரிய குறை புகுந்துவிடும் இடம் இது. திருத்தும்போது புதிதாக ஒரு அளவுகோல் வைத்தால், அது பொருந்தாத பாட்டு ஒன்றையாவது தேடிப் பார்த்த பிறகே ஆய்வேட்டில் சேருங்கள்.

இனி பதில். முதலில், எழுதக்கூடாத பதில்:

“கூற்றுக் குறிப்புகளை முன்னைய ஆய்வாளர்கள் அனைவரும் பயன்படுத்தியுள்ளனர். எனினும் தேர்வாளரின் கருத்து ஏற்கப்பட்டு இயல் 3 திருத்தப்பட்டது.”

முதல் வாக்கியம் தற்காப்பு. மற்றவர்கள் செய்தார்கள் என்பது சான்று ஆகாது. இரண்டாவது வாக்கியத்தில் செய்தியே இல்லை. ஏற்கிறாரா மறுக்கிறாரா என்பதும் புரியவில்லை. இப்படி எழுதலாம்:

“குறிப்பு 2அ: ஏற்கிறேன். முதல் வடிவில் கூற்றுக் குறிப்புக்கும் பாடலுக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை. இப்போது முன்னுரையில் இக்குறிப்புகளின் தன்மை விளக்கப்பட்டுள்ளது (ப. 9–11). இயல் 3-இல் பாடல்கள் இரு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன: பேசுபவர் தோழி என்பது பாடலின் சொற்களாலேயே தெரிபவை, மரபாலும் குறிப்பாலும் மட்டுமே தெரிபவை. இயலின் முடிவுகள் இப்போது முதல் தொகுதியின் மீது நிறுவப்பட்டுள்ளன, இரண்டாம் தொகுதி துணைச்சான்றாக மட்டுமே வருகிறது (ப. 88–104).

குறிப்பு 2ஆ: பாடல் 23-இல் பேசுபவரைக் காட்டும் சொல் இல்லை என்பதை ஏற்கிறேன். ‘ஔவையாரின் தோழி இங்கே துணிந்து பேசுகிறாள்’ என்ற முந்தைய வாக்கியம் நீக்கப்பட்டது. இப்போது உள்ள வாக்கியம்: ‘பாடல் பேசுபவரைச் சுட்டவில்லை, கட்டு நிகழும் சூழலில் தலைவி வெளிப்படப் பேசாள் என்ற மரபையும் கூற்றுக் குறிப்பையும் கொண்டு இது தோழியின் பேச்சாகக் கொள்ளப்படுகிறது’ (ப. 97). பாடல் 23 இரண்டாம் தொகுதிக்கு மாற்றப்பட்டுள்ளது.”

நீக்கிய வாக்கியத்தையும் புதிய வாக்கியத்தையும் அடுத்தடுத்து வைத்திருப்பதைக் கவனியுங்கள். புறத்தேர்வாளர் பக்கம் 97-ஐத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. திறந்தாலும் இதே வாக்கியம் அங்கே இருக்கும். எல்லாக் குறிப்புக்கும் இப்படிச் செய்ய வேண்டியதில்லை. வாதத்தை மாற்றிய இடங்களுக்குக் கட்டாயம் செய்யுங்கள்.

திருத்தம் இயல் 3-ஓடு நிற்கவும் நிற்காது. பாடல் 23 முடிவுரையிலும் ஆய்வுச் சுருக்கத்திலும் “தோழியின் துணிவு” என்று பழையபடியே இருந்தால் ஆய்வேடு தன்னையே மறுக்கும். கோப்பில் “23” என்றும், “அகவன்” என்றும் தனித்தனியாகத் தேடுங்கள். பாடல் எண் இல்லாமல் முதல் அடி மட்டும் வரும் இடங்கள் இருக்கும். தோழி கூற்றுப் பாடல்கள் இத்தனை என்று எண்ணிக்கை தரும் அட்டவணை இருந்தால் அதையும் இரு தொகுதிகளாகப் பிரித்தாக வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது அட்டவணைதான்.

ஏற்காத பரிந்துரை

காமத்துப்பால் ஒப்பீடு வேண்டாம் என்று முடிவுசெய்தால், “இது என் ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது” என்று மட்டும் எழுதாதீர்கள். எல்லையை வகுத்தவர் நீங்கள்தானே, ஏன் அங்கே வகுத்தீர்கள் என்று அவர் கேட்கலாம். பொருளிலிருந்தே ஒரு காரணம் சொல்லுங்கள். அந்தக் காரணம் இரண்டாவது குறிப்பிலேயே இருக்கிறது: காமத்துப்பால் குறள்களில் இது தலைவி சொன்னது, இது தோழி சொன்னது என்பதும் பெரும்பாலும் பரிமேலழகர் முதலிய உரையாசிரியர்கள் வழியாகவே நமக்கு வருகிறது. அதை ஒப்பிடப் போனால் உரை மரபைத் தனியே ஆராய்ந்தாக வேண்டும்.

“குறிப்பு 3: இந்தப் பரிந்துரைக்கு நன்றி, ஆய்ந்து பார்த்தேன். குறள்களில் பேசுபவர் யார் என்பது பெரும்பாலும் உரையாசிரியர்களால் வரையறுக்கப்படுவதால், இவ்வொப்பீட்டுக்கு உரை மரபு பற்றிய தனி ஆய்வு தேவைப்படுகிறது. குறிப்பு 2அ-வின்படி இவ்வாய்வேடு பாடலின் சொற்களையே முதன்மைச் சான்றாகக் கொள்வதால், அதை இங்கே சேர்க்கவில்லை. மேலாய்வுக்குரிய களமாக முடிவுரையில் சுட்டியுள்ளேன் (ப. 211).”

மறுப்பிலும் ஆய்வேட்டில் ஒரு சிறு மாற்றம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மறுப்புகள் இரண்டு மூன்றுக்கு மேல் போனால், அனுப்புவதற்கு முன் நெறியாளரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசிவிடுங்கள். அறிக்கையில் அவர் கையெழுத்தும் இருக்கப்போகிறது.

தெளிவில்லாத குறிப்பும் ஏற்கெனவே உள்ளதைக் கேட்கும் குறிப்பும்

“நடை தளர்ந்துள்ளது” என்றால் எங்கே, எப்படி? புறத்தேர்வாளரிடம் நீங்கள் நேரடியாகக் கேட்கக்கூடாது. நீங்களே அந்த இயலை உரக்கப் படித்துக் குறையை வரையறுக்க வேண்டும். இலக்கிய ஆய்வேடுகளில் தளர்வு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும்: பாட்டை மேற்கோள் காட்டிவிட்டு, அதையே உரைநடையில் திரும்பச் சொல்லி, “என்பதன் மூலம் தோழியின் அன்பு புலப்படுகிறது” என்று முடிப்பது. அதைக் கண்டுபிடித்தால் பதிலில் அப்படியே எழுதுங்கள்: “இயல் 4-இல் மேற்கோளை உரைநடையில் மீண்டும் கூறும் பத்திகள் தளர்வுக்குக் காரணம் என்று கண்டு, அவற்றை நீக்கி, பாடலின் எந்தச் சொல் வாதத்துக்கு உதவுகிறது என்பதை மட்டும் எழுதியுள்ளேன், எடுத்துக்காட்டாக ப. 132.” அவர் மனத்தில் இருந்தது வேறாக இருந்தாலும், நீங்கள் தேடிப் பார்த்தது தெரியும்.

சில அறிக்கைகளில் “இது பேசப்படவில்லை” என்று இருக்கும், நீங்களோ பேசியிருப்பீர்கள். “ப. 87-இல் ஏற்கெனவே உள்ளது” என்று எழுதக் கை துடிக்கும். ஆனால் கவனமாகப் படித்த ஒருவர் கண்ணில் அது படவில்லை என்றால், இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. அடிக்குறிப்பில் இருந்தால் உடலுக்கு ஏற்றுங்கள்; பத்தியின் நடுவில் புதைந்திருந்தால் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு, “இக்கருத்து முன்பு ப. 87-இன் அடிக்குறிப்பில் இருந்தது, இப்போது ப. 84-இல் தனிப் பத்தியாக விரிக்கப்பட்டுள்ளது” என்று எழுதலாம்.

இரு புறத்தேர்வாளர்கள் ஒருவருக்கொருவர் முரணாகக் கேட்பதும் உண்டு. ஒருவர் மேற்கோளைக் குறைக்கச் சொல்வார், மற்றவர் கூட்டச் சொல்வார். ஒருவரின் பெயரைச் சொல்லி மற்றவருக்குப் பதில் சொல்லாதீர்கள். நீங்கள் எடுத்த முடிவு ஒன்று. அதன் காரணத்தை இரு அறிக்கையிலும் ஒரே சொற்களில் எழுதுங்கள்.

சந்திப்பிழை

இதற்கு நீண்ட பதில் வேண்டாம். அவர் சுட்டிய பிழைகளை மட்டும் திருத்திவிட்டு நின்றுவிடுவதுதான் ஆபத்து. அவர் நான்கைச் சுட்டியிருந்தால் அது மாதிரி மட்டுமே. பிழையின் வகையைப் பிடித்துக் கோப்பு முழுவதும் தேட வேண்டும்: இரண்டாம் வேற்றுமை விரிக்குப் பின் வலி மிகாமல் விட்ட இடங்கள், வினைத்தொகையில் தேவையில்லாமல் வலி மிகுந்த இடங்கள். ஒரு எச்சரிக்கை: எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மாற்றாதீர்கள். அது பாடல் மேற்கோள்களுக்குள்ளும் புகுந்து, முதல் குறிப்புக்காகச் சரிபார்த்த மூலத்தைக் கெடுத்துவிடும். மேற்கோள்களைத் தனி எழுத்துவடிவில் வைத்திருந்தால் அவை மாறியிருக்கின்றனவா என்று பிறகு பார்ப்பது எளிது.

பக்க எண்கள்

பதில் அறிக்கையில் பக்க எண்களைக் கடைசி வரை வெற்றிடமாகவே விட்டு வையுங்கள். இயல் 3 நீண்டதும் பின்னால் உள்ளவை எல்லாம் நகர்ந்துவிடும். ஆய்வேட்டின் இறுதி வடிவத்தைப் படமாக்கிய கோப்பை உருவாக்கிய பிறகு, அந்தக் கோப்பைப் பார்த்தே எண்களை நிரப்புங்கள். தட்டச்சுக் கோப்பைப் பார்த்து அல்ல, ஏனெனில் கணினிக்குக் கணினி எழுத்துரு மாறினால் பக்கமும் மாறும். நிரப்பிய பின், அந்த ஆய்வேட்டைப் படிக்காத நண்பர் ஒருவரிடம் அறிக்கையைக் கொடுத்து, ஒவ்வொரு பதிலிலும் சொல்லியிருக்கும் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். சொன்ன மாற்றம் சொன்ன பக்கத்தில் அவருக்குத் தென்படாத பதிலைத் திருத்திவிட்டு, நெறியாளரின் கையெழுத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.